முப்பத்தொரு வைஃபை, மூண்டு கிணறு

ரவுட்டரின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்னக் கடதாசியை எத்தனை பேர் வாசித்திருப்பீர்கள்? வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும் அதில் இருக்கும். அதற்குக் கீழே 192.168.1.1 என்று ஒரு இலக்கமும் இருக்கும். அந்த இலக்கத்தை பிறவுசரில் அடித்து உள்ளே போனால் Wireless என்றொரு பக்கம் வரும். Band, Channel, Channel Width, Security Mode என்று நாலைந்து பெட்டிகள்தான். அநேகமான வீடுகளில் அந்தப் பெட்டிகள் எல்லாம் Auto என்றே கிடக்கும். ஊரில் அது பிரச்சினையே இல்லை. வெள்ளவத்தையில் அது எங்கள் வீட்டு வாடகைக்கே உலை வைக்கப் பார்த்தது.

நாங்கள் மூண்டு பேர். மூண்டு பேரும் அரியாலை, மாம்பழம் சந்திப் பக்கம். காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் இருக்கும் ஒழுங்கையொன்றில், தொடர்மாடி ஒன்றின் நாலாம் மாடியில் ரெண்டு அறை வீடு எடுத்து இருக்கிறோம். எங்களில் ஒருவன் ஊர்ப் பிள்ளைகளுக்கு இரவு எட்டு மணிக்கு சூமில் உயர்தர இணைந்த கணிதம் படிப்பிக்கிறான். அவன்ர வகுப்புக் காசில்தான் வாடகையின் பெரிய பங்கு போகிறது. வந்து ரெண்டாம் மாசமே வகுப்பு ஆட்டம் காணத் தொடங்கியது. "சேர், குரல் வெட்டுது", "சேர், அந்தப் படி விளங்கேல்ல, திரும்பச் சொல்லுங்கோ" என்று சட்டில் வரிசையாக வரும். ஒரு தொகையிடலை ஒரே வகுப்பில் மூண்டு தரம் செய்து காட்டினான். அந்த மாசம் நாலு பிள்ளைகள் விலகிவிட்டார்கள்.

இணைப்புத் தந்த நிறுவனத்துக்கு அழைத்தோம். "உங்கட லைன் நல்லாத்தான் காட்டுது. வேணுமெண்டால் பெரிய பக்கேஜுக்கு மாறுங்கோ" என்றார்கள். லைன் நல்லது என்று அவர்கள் சொன்னது உண்மை. அதற்கு ஏன் பெரிய பக்கேஜ் என்பதுதான் எங்களுக்கு விளங்கவில்லை.

வைஃபை மெதுவாக இருக்கும்போது கோளாறு ரெண்டு இடத்தில் இருக்கலாம். ரவுட்டருக்கு வெளியே, அதாவது பைபரிலோ நிறுவனத்திலோ. அல்லது ரவுட்டருக்கும் லப்டொப்புக்கும் இடையில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு அடி காற்றில். ஸ்பீட் டெஸ்ட் இரண்டையும் சேர்த்து ஒரே இலக்கமாகத் தருவதால் அதை வைத்து எதையும் பிரித்துச் சொல்லேலாது. இணையத்துக்கே போகாமல் ரவுட்டரை மட்டும் தட்டிப் பார்க்க வேண்டும்:

```
ping -t 192.168.1.1
```

இது ரவுட்டரிடம் "இருக்கிறியா?" என்று கேட்டு, பதில் வர எத்தனை மில்லிசெக்கன் ஆகிறது என்று காட்டும். அது ஒரே வீட்டுக்குள் இருக்கும் பெட்டி. பதில் ரெண்டு மூண்டு மில்லிசெக்கனில் வந்துவிட வேண்டும். இரவு எட்டரைக்கு எங்களுக்கு வந்தது 3, பிறகு 210, பிறகு 48, பிறகு Request timed out. லப்டொப்பைக் கேபிளால் ரவுட்டரோடு நேரே இணைத்தோம். அதே எட்டரை மணி, ஒரு மில்லிசெக்கனுக்கும் குறைவு. ஸ்பீட் டெஸ்டும் 95 காட்டியது, வாங்கிய 100க்குக் கிட்ட. விடிய அஞ்சு மணிக்கு வைஃபையிலேயே பார்த்தோம், அப்போதும் நல்லாத்தான் இருந்தது. கேபிளில் நல்லது, விடியப்புறம் வைஃபையிலும் நல்லது, இரவில் வைஃபை மட்டும் மோசம் என்றால் அது லைன் கோளாறு இல்லை. காற்றில் சனநெரிசல்.

நெரிசலைக் கண்ணால் பார்க்கலாம். வின்டோஸில் இதை அடித்தால் போதும், போனில் என்றால் அலைவரிசை காட்டும் செயலிகள் இருக்கின்றன:

```
netsh wlan show networks mode=bssid
```

எங்கள் விறாந்தையில் இருந்து, எங்களோடதையும் சேர்த்து, 2.4 கிகாஹேர்ட்ஸில் முப்பத்தொரு வைஃபை தெரிந்தது. ஆறாம் சனலில் பதினொன்று, ஒன்றாம் சனலில் எட்டு, பதினொன்றில் ஐந்து. மிச்ச ஏழும் 3, 4, 8, 9 என்று சிதறிக் கிடந்தன. அந்த ஏழில் எங்களோடது ஒன்று: சனல் 9, அகலம் 40.

இதில்தான் விஷயம் இருக்கிறது, கொஞ்சம் நிண்டு பார்ப்போம். 2.4இல் சனல்கள் 1 முதல் 13 வரை இருப்பதாகப் பெட்டியில் காட்டும். பதின்மூன்று தனித்தனி ஒழுங்கைகள் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஒரு சனலின் நடுவில் இருந்து அடுத்த சனலின் நடுவுக்கு 5 மெகாஹேர்ட்ஸ்தான் இடைவெளி. ஒரு வைஃபைக்கோ குறைந்தது 20 மெகாஹேர்ட்ஸ் வேணும். ஆகவே ஒன்றோடொன்று முட்டாமல் நிற்கக்கூடியவை வழமையாக மூன்றே மூன்று: 1, 6, 11.

எங்கட பக்கத்துப் பங்குக் கிணறு தெரிந்தவர்களுக்கு மிச்சத்தை லேசாகச் சொல்லலாம். நாலு தோட்டக்காரருக்கு ஒரு கிணறு, முறை வைத்துத் தண்ணி இறைப்பார்கள். ஒருவர் இறைக்கும்போது மற்றவர் பொறுத்திருப்பார். ஒரே சனலில் இருக்கும் ரவுட்டர்களும் அப்படித்தான். பேச முதல் காது கொடுத்துக் கேட்கும். வேறொருவர் பேசுவது விளங்கினால் நிற்கும். அமைதியானதும் ஒரு சின்ன நேரம் பொறுத்துப் பேசும். ஆள் கூடக் கூட முறை வரப் பிந்தும், ஆனால் சண்டை குறைவு. சனல் 9இல் இருப்பவர் எந்தக் கிணற்றின் பங்காளியும் இல்லை. அவர் பேசுவது 6இல் இருப்பவருக்கும் 11இல் இருப்பவருக்கும் பேச்சாக விளங்காது, வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும். அந்த இரைச்சல் மிகப் பலமாக இருந்தால்தான் அவர்கள் நிற்பார்கள். இல்லாவிட்டால் அதற்கு மேலேயே பேசுவார்கள்; ரெண்டு பக்கமும் பழுதாகி, ரெண்டு பக்கமும் திரும்ப அனுப்பும். செயலியில் பார்த்தால் 9 வெறுமையான இடம் மாதிரித் தெரியும். "அங்க ஒருத்தரும் இல்லை, போய் இருப்பம்" என்று போகிறவர்களால்தான் முழு மாடியும் கெடுகிறது.

அதற்கு மேல் அகலம் 40. Channel Width பெட்டியில் 20 என்றும் 20/40 என்றும் இருக்கும். அகலம் இரட்டித்தால் வேகமும் இரட்டிக்கும் என்பது கேட்க நல்ல கணக்கு. ஆனால் 2.4இல் இருக்கும் முழு இடமே ஏறக்குறைய 83 மெகாஹேர்ட்ஸ். ஒரு வீடு 40ஐ எடுத்தால் கிட்டத்தட்டப் பாதி வளவு போயிற்று. எங்கள் ரவுட்டர் 9இல் இருந்து கீழ்ப்பக்கமாக விரிந்து, ஆறாம் சனலை முழுதாக மூடி, பதினொன்றில் பாதியையும் பிடித்திருந்தது. பதினாறு வீட்டுக்காரருக்குக் குறுக்கே ஒற்றை ரவுட்டர். அந்தப் பதினாறும் திருப்பி எங்களுக்குக் குறுக்கே. 20/40 என்ற பெட்டியின் நோக்கம், அக்கம்பக்கத்தில் ஆள் இருந்தால் தானாக 20க்கு இறங்குவது. ஆனால் அதை மதிக்காத ரவுட்டர்கள் கனக்க, எங்களோடதும் அந்தச் சாதி.

Auto ஏன் 9ஐ எடுத்தது? அநேகமான ரவுட்டர்கள் Auto என்றால் பவர் வரும் நேரத்தில் ஒரு தடவை சுற்றிப் பார்க்கும், பிறகு அந்த முடிவிலேயே கிடக்கும். பகல் ரெண்டு மணிக்குக் கரண்ட் போய் வந்திருந்தால், அந்த நேரத்து அமைதியைப் பார்த்துத்தான் இடம் பிடித்திருக்கும். இரவு எட்டரையின் கூட்டம் அதற்குத் தெரியாது.

நாங்கள் 2.4ஐ சனல் 11, அகலம் 20 என்று நிறுத்தினோம். அங்கே ஐந்து பேர்தான். பிங் 2க்கும் 15க்கும் இடையில் வந்தது. வேகம் 20 சொச்சம். இலக்கத்தைப் பார்த்தால் பெருமைப்பட ஒன்றுமில்லை, ஆனால் குரல் வெட்டவில்லை. சூம் வகுப்புக்குத் தேவை பெரிய வேகம் இல்லை, முறை பிந்தாமல் வருவதுதான்.

ஆளே பேசாவிட்டாலும் 2.4இல் இடம் கரைகிறது என்பதையும் சொல்ல வேணும். ஒவ்வொரு ரவுட்டரும் "நான் இருக்கிறன், என்ர பெயர் இது" என்று செக்கனுக்கு ஏறக்குறையப் பத்துத் தடவை அறிவிக்கும். பழைய சாதனங்களுக்கும் விளங்க வேணும் என்று அதை மிக மெதுவான வேகத்தில், 1 எம்பிபிஎஸில், சொல்லும் ரவுட்டர்கள் நிறைய. ஒரு அறிவிப்பு 250 பைட் என்று வைத்தால் அது காற்றில் ரெண்டு மில்லிசெக்கனுக்குக் கொஞ்சம் மேல் கிடக்கும். ஆறாம் சனலில் இருக்கும் பதினொன்றும் இப்படிச் சொன்னால், பெயர் சொல்வதற்கே நேரத்தில் கால்வாசி போகிறது. விருந்தாளிக்கென்று Guest என்ற ரெண்டாவது பெயரைத் திறந்து வைத்திருந்தால் அதற்கும் தனி அறிவிப்பு. வராத விருந்தாளிக்குப் பாய் விரித்து வைப்பது மாதிரி.

சரி, 5 கிகாஹேர்ட்ஸ். இதைப் பற்றி ஆக்கள் சொல்லும் குறை, "அது சுவரைத் தாண்டாது". உண்மைதான். அலை குறுகினால், சுவர் இல்லாத வெளியிலேயே, அதே பலத்தில் அனுப்பினாலும் போனுக்கு வந்து சேருவது 2.4இல் வருவதின் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. கொங்கிறீற் வந்தால் இன்னும் மோசம். ஆனால் தொடர்மாடியில் அந்தக் குறைதான் நல்லது. எங்கட அலை மேல்மாடிக்கு ஒழுங்காகப் போகாது என்றால் மேல்மாடியின் அலையும் எங்களிடம் வராது. விறாந்தையில் 5இல் தெரிந்தவை பன்னிரண்டு மட்டும். இடமும் பெரிது: 36, 40, 44, 48 என்று ஒரு பக்கம், 149இல் இருந்து இன்னொரு பக்கம். நடுவில் 52 முதல் இருப்பவற்றை ராடர்களோடு பகிர வேண்டும். அங்கே ரவுட்டர் பேச முதல் குறைந்தது ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ராடர் கேட்டால் உடனே விலகி அரை மணித்தியாலத்துக்குத் திரும்பக்கூடாது. வகுப்பு நடுவில் அப்படி ஓடினால் என்ன செய்வது? அந்தப் பக்கமே போகவில்லை.

5இலும் அகலத்தில் ஒரு விஷயம் இருக்கிறது. ரவுட்டர் 80இல் இருந்தது, 36 முதல் 48 வரை நாலையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு. அதே இடத்தில் இன்னும் ஏழு வீடு. 149 பக்கம் ரெண்டே ரெண்டு பேர், அங்கே போனோம். விறாந்தையில் பறந்தது. ஆனால் வகுப்பு நடப்பது ரெண்டு சுவர் தள்ளி, பின்னறையில். அங்கே 80இல் வேகம் 24க்கும் 60க்கும் இடையில் ஊஞ்சல் ஆடியது. அகலத்தை 40 ஆக்கியதும் 55இல் ஆடாமல் நின்றது. அகலமான வாய்க்கு இரைச்சலும் கூடவே வரும். பாதியாக்கினால் இரைச்சலும் பாதி, ரவுட்டரின் பலமோ அதே. அந்தப் பலம் குறுகிய இடத்தில் செறிந்து வரும். கிட்ட இருந்து பார்ப்பவனுக்கு 80 நல்லது, தூர இருப்பவனுக்கு 40. வகுப்பு லப்டொப் தவறி 2.4க்குத் தாவாமல் இருக்க, 5க்கு வேறு பெயர் வைத்தோம். ஒரே பெயரில் விட்டால் எதைப் பிடிப்பது என்பதைச் சாதனம்தான் முடிவு செய்யும், அதற்கு வகுப்பு நேரம் தெரியாது.

இவ்வளவும் செய்தும், 2.4இல் இருக்கும் போன்களில் ஒரு இழுவை மிஞ்சியிருந்தது. சனல் 11இல் எங்களுக்கு மேல் ஒரு பலமான ரவுட்டர். அது ஐந்தாம் மாடி அங்கிள் வீடு. ஓய்வுபெற்றவர், தனிய இருக்கிறார், பிள்ளைகள் கனடாவில். படியில் கண்டபோது அவரே கேட்டார்: "தம்பியவை, உங்களுக்கு உந்த வைஃபை விளங்குமே? மகளோட கதைக்க ஏலாமக் கிடக்குது." மேலே போனோம். அவரின் லப்டொப்பில் இதைப் பார்த்தோம்:

```
netsh wlan show interfaces

    Radio type             : 802.11g
    Authentication         : WPA-Personal
    Cipher                 : TKIP
    Receive rate (Mbps)    : 54
```

பாதுகாப்புப் பெட்டியைப் பற்றி ஆக்கள் நினைப்பது, அது கள்ளருக்கு மட்டும் என்று. வேகத்துக்கும் அதுதான் பூட்டு. வைஃபையின் முதல் பூட்டு WEP, 2001லேயே உடைத்துக் காட்டப்பட்டது. அவசரத்துக்கு 2003இல் வந்தது WPA, அதன் பூட்டு TKIP. அடுத்த வருசம் WPA2 வந்தது, பூட்டு AES. 802.11n என்ற வேகமான தலைமுறை வந்தபோது, பழைய பூட்டோடு வேகம் தர மாட்டோம் என்று விதியாகவே எழுதிவிட்டார்கள். TKIP தெரிவு செய்தால் ரவுட்டர் எவ்வளவு புதிதாக இருந்தாலும் 54க்கு மேல் ஏறாது. அது அங்கிளுக்கு மட்டும் நட்டம் இல்லை. ஒரே கிணறு என்று சொன்னோமே: அவர் மெதுவாக இறைத்தால் அதே தண்ணிக்குக் கூட நேரம் எடுக்கும், நாங்கள் அந்த நேரம் முழுக்கப் பொறுத்திருக்க வேணும். ஐந்தாம் மாடியின் பூட்டு நாலாம் மாடியின் போனைத் தாமதிக்கிறது.

முந்தி யாரோ ஒரு பழைய பிறிண்டருக்காக அப்படி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பிறிண்டர் இப்போது வீட்டிலேயே இல்லை. Security Mode இல் WPA2-PSK, அதற்குக் கீழே AES என்று மாற்றினோம். WPA/WPA2 என்று கலந்திருப்பதையும் TKIP+AES என்று இருப்பதையும் தொடவேண்டாம். அதில் பழைய பூட்டும் கூடவே திறந்திருக்கும்.

பாஸ்வேர்ட் அவரின் போன் நம்பர். "எனக்கு மறக்காதெல்லே" என்றார். மறக்காதுதான். ஆனால் WPA2இல் ஒருவர் உங்கள் போன் இணையும் அந்த ஒரு கணத்தின் பரிமாற்றத்தைக் காற்றில் இருந்து பிடித்துக்கொண்டால், பிறகு தன் வீட்டில் இருந்துகொண்டே பாஸ்வேர்டை ஊகித்து ஊகித்துப் பார்க்கலாம். ரவுட்டருக்கு ஒன்றும் தெரிய வராது. இலங்கைக் கைத்தொலைபேசி இலக்கம் 07இல் தொடங்கும், மிச்சம் எட்டு இலக்கம், ஆகக் கூடினால் பத்துக் கோடி வகை. கேம் விளையாட வாங்கும் ஒரு நல்ல கிராபிக்ஸ் காட் செக்கனுக்கு லட்சக்கணக்கில் பார்க்கும். சில நிமிட வேலை. அவருக்கு நாலு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து ஒரு பாஸ்வேர்ட் போட்டோம். என்ன சொற்கள் என்று சொல்ல மாட்டோம், ஒன்று சாப்பாடு. WPS என்ற பொத்தானையும் அணைத்தோம். அதன் எட்டு இலக்கப் பின், ரெண்டு பாதியாகச் சோதிக்கப்படுவதால் பதினோராயிரம் முயற்சிக்குள் பிடிபடும் என்று 2011இல் காட்டிவிட்டார்கள்.

2018இல் வந்த WPA3இல் அந்த வீட்டில் இருந்து ஊகிக்கும் வழி அடைபட்டுவிட்டது. ஒவ்வொரு ஊகத்துக்கும் ரவுட்டரிடமே வந்து கேட்க வேணும். எங்கள் 5இல் WPA2/WPA3 கலந்து வைத்திருக்கிறோம். 2.4இல் WPA2 மட்டும், ஏனென்றால் எங்களிடம் இருக்கும் பழைய போன் ஒன்று கலந்த முறையைக் கண்டால் இணையவே மாட்டேன் என்கிறது.

இந்த அமைப்பை அப்படியே ஊருக்குக் கொண்டுபோக வேண்டாம். பொங்கலுக்குப் போனபோது அரியாலை வீட்டில் அதே கட்டளையை அடித்தோம். மூண்டு வைஃபை. அதில் ஒன்று எங்களோடது, மற்றது ரெண்டும் மதிலுக்கு அங்கால், ரெண்டும் ஒன்றாம் சனலில். அங்கே 2.4இல் 40 வைத்தால் ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லை. சனல் 11இல் இருந்து கீழே விரித்தோம், கிணற்றடி வரை போகிறது. 5இல் போட்டால் குசினிச் சுவரோடு நின்றுவிடுகிறது. வெள்ளவத்தையில் கெட்டது அரியாலையில் நல்லது, மறுபக்கமும் அப்படியே. அம்மாவுக்கு இதை விளங்கப்படுத்தப் போய், "நீங்கள் அங்க கிணறு வெட்டினது போதும், கோலை மட்டும் ஒழுங்கா எடுங்கோ" என்று பேச்சு வாங்கினோம்.

வகுப்பு இப்போது வெட்டாமல் போகிறது. விலகின நாலு பிள்ளைகளில் ரெண்டு பேர் திரும்ப வந்துவிட்டார்கள். அங்கிள் மகளோடு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம் கதைத்தாராம், பேரன் பல் காட்டினானாம். போன கிழமை மூண்டாம் மாடிக்குப் புதுக் குடும்பம் ஒன்று வந்திருக்கிறது. அன்றிரவே செயலியில் புதிதாய் ஒரு பெயர்: சனல் 8, அகலம் 40. கதவைத் தட்டுவதென்றால் என்ன சொல்லித் தட்டுவது என்று மூண்டு பேரும் இன்னும் முடிவெடுக்கவில்லை. அங்கிளைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது.